நிற்காமல் போகிறவரிடம் நான்கு நொடி: ஒரு கருப்பட்டிக் கடையின் அறிமுகப் பேச்சு

மதுரையில் நடந்த ஒரு மகளிர் பொருட்காட்சி. பத்தடிக்குப் பத்தடி கடைகள், வரிசைக்கு இருபது. நடுவரிசையில் ஒரு கருப்பட்டிக் கடை. நடத்தியவர் தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடி பக்கத்துக் கிராமத்துக்காரர், நாற்பதை ஒட்டிய வயது. மாமனார் பனையேறி. இறக்கிய பதநீரைக் காய்ச்சுவது மருமகளான இவர் வேலை. நாத்தனார் கூடமாட உதவி. கிலோ 400 ரூபாய் என்று எழுதி வைத்திருந்தார். எதிர்வரிசையில் கருப்பட்டி என்ற அதே பெயரில் 220 ரூபாய்க்கு ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார்.

சிறு உற்பத்தியாளர்களுக்கு விற்பனை சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்தக் கடையை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட அந்த நாலு வரி பொருட்காட்சி முடிவதற்குள் தலைகீழாக மாறியதுதான். பொருள் மாறவில்லை, விலையும் மாறவில்லை. சொல்லும் வரிசைதான் மாறியது. அது ஏன் மாறியது, எந்த இடத்தில் வேலை செய்தது, எந்த இடத்தில் செய்யவில்லை என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதல் நாள் அவர் சொன்னது இது: "வணக்கம் சார், வணக்கம் மேடம். என் பேரு இன்னது. நான் தூத்துக்குடி மாவட்டத்திலேருந்து வர்றேன். இன்ன மகளிர் சுயஉதவிக் குழுவுல உறுப்பினரா இருக்கேன். நாங்க இயற்கை முறையில கருப்பட்டி தயாரிச்சு விற்பனை செய்யறோம்." தப்பே இல்லாத அறிமுகம். திறப்பு விழாவன்று அதிகாரிகள் ஒவ்வொரு கடையாக நின்று கேட்டபோது கச்சிதமாக இருந்தது. ஒருவர் பாராட்டிவிட்டும் போனார். பெயர், ஊர், குழு, தொழில் என்ற இந்த வரிசை அப்படிப்பட்டவர்களுக்காகவே உருவானது. வங்கிக் கடன் நேர்காணலிலும் ஆய்வுக் கூட்டத்திலும் எதிரே இருப்பவர் முழுதாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அது அவர் வேலை.

பொருட்காட்சியில் நடந்து போகிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கையில் குழந்தை, தூரத்தில் டெல்லி அப்பளக் கடை, தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் காணாமல் போன பிள்ளையைப் பற்றிய அறிவிப்பு. சாதாரணமாக நடப்பதைவிட மெதுவாகத்தான் போகிறார். இருந்தாலும் பத்தடிக் கடையைத் தாண்ட நான்கு நொடி போதும். அந்த நான்கு நொடியில் நிதானமாகப் பேசினால் ஏழெட்டுச் சொல் சொல்லலாம். முதல் நாள் அறிமுகத்தில் அந்த ஏழெட்டுச் சொல் வணக்கத்திலும் பெயரிலும் தீர்ந்துவிட்டது. கருப்பட்டி என்ற சொல் வருவதற்குள் கேட்பவர் மூன்றாவது கடை வாசலில் இருந்தார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வரிசையில் எல்லாக் கடையும் "வணக்கம், வாங்க வாங்க" என்றுதான் ஆரம்பித்தது. பத்துக் கடை தாண்டி வருகிறவருக்கு அது ஒரு இரைச்சல். அதைவிட மோசம், "வணக்கம் சார்" என்றாலே ஏதோ வாங்கச் சொல்லப் போகிறார்கள் என்று பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டு நடையை எட்டிப் போடுகிறார்கள். கடைக்கு முன்னால் அரை மணி நேரம் நின்று பார்த்தால் இது கண்ணால் தெரியும்.

ஆக, நின்று கேட்பவருக்கு எழுதிய பேச்சை நடக்கிறவரிடம் பேசினார். சுருக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பது வழக்கம். சுருக்குவது மட்டும் போதாது. நடந்துகொண்டிருப்பவர், நடை தளர்ந்தவர், நின்றுவிட்டவர் என்று மூன்று நிலை இருக்கிறது. மூன்று பேருக்கும் தனித்தனிப் பேச்சு வேண்டும். முதல் பேச்சைக் கேட்டுவிட்டு அப்படியே போய்விட்டாலும் அது முழுசாக இருக்கவேண்டும், பாதியில் அறுந்ததுபோல் இருக்கக்கூடாது.

முதல் பேச்சுக்கு அவர் கடைசியில் வந்து சேர்ந்த வாசகம் இது: "கருப்பட்டி. ஒரு துண்டு வாயில போட்டுட்டு நடங்க."

எண்ணிப் பார்த்தால் ஆறே சொல். பொருளின் பெயர் முதலில் வந்துவிட்டது. காதில் விழுந்த முதல் சொல்லோடு அவர் தாண்டிப் போனாலும், அங்கே கருப்பட்டி விற்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. ஆனால் இந்த வாசகத்தின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கிறது. "நடங்க." இதற்கு முன் "ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்க" என்றுதான் சொல்லிப் பார்த்தார். அதற்குப் பெரும்பாலோர் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். சாப்பிட்டுப் பார்த்தால் நிற்கவேண்டும், நின்றால் வாங்கவேண்டும், வாங்காமல் திரும்பினால் அந்த அம்மா முகம் சுருங்கும் என்று ஒரு கணக்கு நம் ஊர்க்காரர் மனதில் ஓடும். "நடங்க" என்று அவரே சொல்லிவிட்டதும் அந்தக் கணக்கு செல்லாமல் போகிறது. போகச் சொன்னதால் நின்றவர்கள் உண்டு. ஒரு பெரியவர் துண்டை வாயில் போட்டுக்கொண்டு நாலு எட்டு போய், திரும்பி வந்து, "ஏம்மா, போகச் சொல்றே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

துண்டு எப்படி இருந்தது என்பதும் முக்கியம். முதலில் பெரிய துண்டுகளாக உடைத்துத் தட்டில் வைத்திருந்தார். பெரிய துண்டு என்றால் கடிக்கவேண்டும், கை பிசுபிசுக்கும், மிச்சத்தை எங்கே போடுவது என்று தேடவேண்டும். அதைப் புளியங்கொட்டை அளவுக்குக் குறைத்தார். வாயில் போட்டால் அடக்கமாகக் கரையும். கருப்பட்டி என்றால் ஈ வராமல் இருக்காது. திறந்த தட்டில் ஈ மொய்த்தால் எந்த வாசகமும் எடுபடாது. வலைமூடி போட்டு, இடுக்கியால் எடுத்து, சின்னத் துண்டுத்தாளில் வைத்து நீட்டினார். அந்தத் தாளில் போன் நம்பரும் ஊர்ப்பெயரும் மட்டும் அச்சாகியிருந்தன. தாளைக் கையில் வாங்கினவர் கடைக்குள் வராமலே அட்டையை வாங்கிக்கொண்ட மாதிரி ஆயிற்று.

இங்கே ஒரு சபலத்தைச் சொல்லவேண்டும். பக்கத்திலிருந்த ஒருவர் யோசனை கொடுத்தார்: "'சுகர் உள்ளவங்களும் சாப்பிடலாம்'னு சொல்லுங்கக்கா, எல்லாரும் நிப்பாங்க." உண்மைதான், நிற்பார்கள். வேறு கடைகளில் அந்த வாசகத்துக்குக் கூட்டம் சேர்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. கொஞ்சம் தாது உப்புகள் கூட இருப்பதால் சர்க்கரை நோயாளிக்கு அது சீனியில்லாமல் ஆகிவிடாது. இது சட்டத்துக்கும் வரும் சங்கதி. உணவுப் பொருளைப் பற்றிப் பொய்யாக உரிமை கொண்டாடுவதை உணவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிரான 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. இவர் அந்த வாசகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. சட்டத்துக்குப் பயந்து மட்டுமில்லை. "எங்க அத்தைக்கும் சுகர் இருக்கு, நானே குடுக்க மாட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது?" என்றார். விற்பனைக் கோணத்திலும் அது லாபமில்லை. அந்த வாசகத்துக்கு நிற்பவர் கருப்பட்டியைப் பற்றி எதுவும் கேட்பதில்லை, தன் சர்க்கரை அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார். ஒருவரோடு பத்து நிமிடம் போய்விடுகிறது.

இனி இரண்டாவது நிலை. துண்டு வாயில் கரைகிறது, நடை தளர்கிறது, கண் தட்டிலிருந்து விலை அட்டைக்குப் போகிறது. 400 என்பதைப் பார்த்ததும் புருவம் ஏறும். எதிர்க்கடையில் 220. கருப்பட்டி வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள சந்தேகம் ஒன்றே ஒன்று: சீனி கலந்திருக்குமோ? இந்தச் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு. ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 லிட்டர் பதநீராவது வேண்டும். மரம் ஏறுவதற்கும் விறகுக்கும் செலவு தனி. சீனியோ கிலோ நாற்பது ஐம்பது ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. கலப்படத்துக்கு இதைவிடப் பெரிய ஆசை வேண்டாம்.

"சுத்தமானது, கலப்படம் இல்லாதது" என்று சொல்லிப் பயனில்லை. எதிர்க்கடைக்காரரும் அதையேதான் சொல்கிறார். தண்ணீரில் கரைத்துப் பார், உடைத்துப் பார் என்று வீட்டுச் சோதனைகள் பல உலவுகின்றன. அசலிலும் கலப்படத்திலும் இனிப்பது ஒரே சர்க்கரை என்பதால் அவற்றை நம்பி உறுதியாகச் சொல்லமுடியாது. ஆக, பொருளை வைத்துக் கடை வாசலிலேயே நிரூபிக்க வழியில்லை. அப்போது மிஞ்சுவது ஆள்தான். அறிமுகத்தில் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டிய இடம் இதுதான், இதற்கு முன்னால் இல்லை.

அவர் சொன்னது: "காய்ச்சினது நான்தான். மாமனார் இறக்கறாங்க, நான் காய்ச்சறேன்."

இதில் பெயர் இல்லை, குழு இல்லை, எத்தனை வருட அனுபவம் என்று இல்லை. ஆனால் அந்தக் கூடாரத்தில் இருந்த கருப்பட்டி வியாபாரிகளில் வேறு யாரும் இதைச் சொல்லமுடியாது. மற்றவர்கள் வாங்கி விற்பவர்கள். நின்றவர்கள் உடனே அடுத்த கேள்வி கேட்டார்கள், அந்தக் கேள்வி அவர் தொழிலுக்குள் வந்தது. "எப்படிம்மா காய்ச்சுவீங்க?" கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது, தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பது, பனைமட்டையை எரித்து மணிக்கணக்கில் கிண்டுவது, பாகைச் சொட்டுவிட்டுத் தண்ணீரில் உருட்டிப் பதம் பார்ப்பது, சிரட்டையில் ஊற்றுவது. இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வரவேண்டியதில்லை, கையிலேயே இருக்கிறது. பேசும்போது அவர் வலது கை தானாகத் துடுப்பைப் பிடித்துக் கிண்டுவதுபோல் சுற்றியது. அதைப் பார்த்த பிறகு யாரும் அவரிடம் சீனி பற்றிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மூன்றாவது நிலை, நின்றுவிட்டவர். அவருக்கென்று இன்னொரு வரியை இவராகவே சேர்த்துக்கொண்டார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. "காபியில போடும்போது கரைச்சு வடிகட்டிக்கோங்க, அடியில மண்டி நிக்கும். மழைக்காலத்துல கசியும், டப்பாவுல மூடி வைங்க." குறையை விற்பவரே முன்கூட்டிச் சொல்கிறார். வீட்டுக்குப் போய் மண்டியைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பதற்கு வழியில்லாமல் போகிறது. வாங்குகிறவர் முகத்தில் இதைக் கேட்டதும் இறுக்கம் தளர்வதைக் காணலாம்.

பெயர் எப்போது? பையைக் கையில் கொடுக்கும்போது. "தீர்ந்துபோனா இந்த நம்பர்ல கூப்பிடுங்க, என் பேரு இது." பெயருக்கு அப்போதுதான் ஒரு பயன் இருக்கிறது, அதனால் அப்போது காதில் தங்குகிறது.

எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? நோட்டுப் புத்தகத்தில் எழுதக் கூட்டத்தில் நேரமில்லை. அவர் புளியங்கொட்டையை வைத்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். மேசைக்கு அடியில் இரண்டு டப்பா. ஒருவர் துண்டு வாங்கினால் முதல் டப்பாவில் ஒரு கொட்டை, காசு கொடுத்து வாங்கினால் இரண்டாவதில் ஒன்று. நாத்தனார்தான் போடுவார். சாயங்காலம் இரண்டையும் கொட்டிப் பார்த்தால் நோய் எங்கே என்று பிடிபட்டுவிடும். முதல் டப்பாவே காலியாக இருந்தால் முதல் வாசகம் எடுபடவில்லை. முதல் டப்பா நிறைந்து இரண்டாவது காலியாக இருந்தால் துண்டு பிடித்திருக்கிறது, சந்தேகம் தீரவில்லை. நடுவில் ஒரு நாள் அப்படித்தான் ஆனது. விசாரித்தால், அன்று மதியம் வரை கடையில் நாத்தனார் மட்டும் இருந்தார். அவர் காய்ச்சுகிறவர் இல்லை. "காய்ச்சினது நான்தான்" என்று அவரால் சொல்லமுடியவில்லை, "எங்க ஊர்ல தயாரிக்கறாங்க" என்றுதான் சொன்னார். அடுத்த நாளிலிருந்து நாத்தனார் முன்னால் நின்று துண்டு நீட்டினார், காய்ச்சுகிறவர் உள்ளே எடை போடும் இடத்துக்கு மாறினார். துண்டு நீட்ட யாராலும் முடியும். சந்தேகத்துக்குப் பதில் சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும்.

நிற்கும் இடத்தையும் மாற்றினார்கள். எல்லாக் கடையிலும் மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து பேசினால் நடக்கிறவர் நேர் எதிரே வரும்போதுதான் காதில் விழும், அதற்குள் பாதிக் கடை போய்விடும். கூட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்த மூலையில், மேசைக்கு வெளியே ஓர் ஓரமாக நின்றால், இரண்டு எட்டு முன்னாலேயே பேச்சை ஆரம்பிக்கலாம். நான்கு நொடி ஆறு நொடியாகிறது. பாதையை மறித்து நிற்கக்கூடாது. மறித்தால் வரும் பதில் எரிச்சல்தான்.

பெயர்ப்பலகை விஷயம் சின்னது, ஆனால் அடிக்கடி காணும் தவறு. ஏற்பாட்டாளர்கள் எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி அச்சடித்துக் கட்டிய பலகையில் குழுவின் பெயரும் மாவட்டமும் மட்டும் இருந்தன. என்ன விற்கிறது என்று இல்லை. அண்ணாந்து பார்ப்பவரும் குறைவு. கண் மட்டத்தில் ஓர் அட்டை கட்டி, பெரிய எழுத்தில் "கருப்பட்டி. காய்ச்சியவரே விற்கிறார்" என்று எழுதினார்கள். பேசாத நேரத்தில் அது பேசியது. உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அதையும் பெரிதாகப் போடலாமே என்று ஒருவர் கேட்டார். அந்த முத்திரையைப் போட அதற்கான பதிவில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக இருக்கவேண்டும். இவருடைய பதிவு இன்னும் முடியவில்லை. அதனால் போடவில்லை.

எடுபடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை மாலை துண்டுக்குப் பதில் சின்னக் கப்பில் கருப்பட்டிக் காபி கொடுத்துப் பார்த்தார்கள். கூட்டம் அள்ளியது. ஆனால் சூடான காபியோடு நடக்கமுடியாது, குடிக்கும்வரை கடை முன்னாலேயே நிற்கிறார்கள். நிற்பவர்கள் பொருளைப் பார்க்கவில்லை, காபியை ஊதிக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்தவர் உள்ளே வர வழியில்லை. கூட்டம் கூட்டத்தை இழுக்கும் என்பது சரிதான், ஆனால் இழுத்த கூட்டம் காபிக்கு வந்த கூட்டம். அன்று முதல் டப்பா பொங்கி வழிந்தது, இரண்டாவதில் வழக்கத்தைவிட அதிகம் இல்லை. மறுநாள் பழையபடி துண்டுக்கே திரும்பினார்கள்.

பொருட்காட்சியில் இன்னொரு வகை ஆள் வருவார். துண்டை வேண்டாம் என்பார், பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பின்பக்கம் படிப்பார். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், நிகர எடை, தயாரித்த தேதி, முகவரி எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார். இவர் கடை வைத்திருப்பவர். இவரிடம் மாமனார் கதை வேண்டாம். இப்படிப்பட்டவரைக் கண்டுகொள்ள ஒரு கேள்வி போதும்: "வீட்டுக்கா, கடைக்கா?" கடைக்கு என்றால் உடனே பேச்சு எண்ணுக்கு மாறவேண்டும். மாதம் எத்தனை கிலோ, எந்த மாதம் வரை, அனுப்பும் செலவு யாருடையது. கருப்பட்டி காய்ச்சுகிறவர் முதலில் "எவ்வளவு வேணும்னாலும் தர்றோம் அண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது கடைக்காரருக்கு நம்பிக்கை தராது. பதநீர் தெற்கே மாசி வாக்கில் தொடங்கி ஆடி வரைதான் வரும் என்பது தெரிந்தவர்கள் அவர்கள். "மாசத்துக்கு 100 கிலோ, ஐப்பசிக்கு அப்புறம் இருப்பைப் பொறுத்து" என்று மாற்றியதும் இரண்டு கடைக்காரர்கள் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இந்த அறிமுகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போகமுடியாது. மதுரையில் கருப்பட்டி என்ற ஒரு சொல் போதும், கேட்பவர் நாக்கில் ருசி ஏற்கெனவே இருக்கிறது. டெல்லி பிரகதி மைதானில் நவம்பர் 14 முதல் 27 வரை நடக்கும் இந்தியப் பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சிக்கு இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே வருகிறவருக்குக் கரும்பு வெல்லம் தெரியும், பனை வெல்லம் பெரும்பாலும் தெரியாது. அதனால் முதல் சொல்லாகத் "தாட் கா குட்" என்று இந்தியில் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறார். கூடவே இலையோடு பனைமரம் நிற்கும் ஒரு படம், அதையும் கண் மட்டத்தில். கலப்படச் சந்தேகம் அங்கே இருக்காது, "இது எதுக்கு, எப்படிச் சாப்பிடறது" என்றுதான் கேட்பார்கள். ஆகவே "காய்ச்சினது நான்தான்" அங்கே இரண்டாவது வரியாக நிற்காது, மூன்றாவதாகத் தள்ளிப் போகும். இரண்டாவது வரிக்கு இப்போதைக்கு "டீயில் போடலாம்" என்பதை வைத்திருக்கிறார். முதல் சில நாட்கள் அங்கே வியாபாரிகளுக்கான நாட்கள் என்பதால், "வீட்டுக்கா, கடைக்கா" என்பதைத்தான் முதலில் இந்தியில் கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.